ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்ததா? வேலைப் படிவத்தில் என்ன எழுதுவது

உங்கள் கடிதம் படித்தேன் அம்மா. 19 வயதில் கோயில் கொடையில் நடந்த அடிதடியில் தம்பி மேல் 294(பி), 323, 506(1) என்று எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், கோர்ட்டில் ஃபைன் கட்டிவிட்டு வந்துவிட்டோம், இப்போது குரூப் 4-ல் வேலை வரும்போல் இருக்கிறது, கேஸ்தான் முடிந்துவிட்டதே, படிவத்தில் "இல்லை" என்று போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடக் கூடாது.

ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்தது உண்மைதான், ஆனால் எப்படி முடிந்தது என்பதுதான் விஷயம். மாஜிஸ்திரேட் முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால் அது விடுதலை இல்லை, தண்டனை. தொகை சில நூறு ரூபாயாக இருந்தாலும் அப்படித்தான். வருடக்கணக்கில் அலைய வேண்டாம் என்று அன்றைக்கு யாரோ நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் அது வேலைக்கு என்ன செய்யும் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

போன வருடம் என்னிடம் வந்த ஒரு பையனுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. படிவத்தில் கைதானது உண்டா, வழக்கு நிலுவையில் உண்டா, கோர்ட் அபராதம் விதித்தது உண்டா, தண்டனை உண்டா என்று தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். நான்குக்கும் "இல்லை" போட்டான். நிலுவை பற்றிய பதில் மட்டும் சரி. தனிப்பிரிவு காவலர் விசாரிக்க வந்தார், ஸ்டேஷன் ரெக்கார்டில் வழக்கு எண்ணோடு எல்லாம் இருந்தது, தேர்வு ரத்தானது. ரத்து ஆணையில் காரணமாக எழுதியிருந்தது அடிதடியை அல்ல, உண்மையை மறைத்ததை.

2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதைத்தான் விரிவாகப் பேசினார்கள். இளவயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்கு, தெரிந்தாலும் வேலையைப் பாதிக்காது என்ற அளவுக்குச் சின்னது என்றால், மறைத்திருந்தாலும்கூட அதிகாரி மன்னிக்கலாம் என்றார்கள். குற்றத்தின் தன்மை, அந்த வேலை எப்படிப்பட்டது எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: உண்மையை எழுதிவிட்டதாலேயே வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கேட்க முடியாது, பின்னணியைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. இன்னொன்று, கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும். "வழக்கு நிலுவையில் உள்ளதா" என்று மட்டும் கேட்டால் தம்பி "இல்லை" என்று எழுதுவது பொய்யில்லை. அதனால் கேள்வியை ஒருமுறைக்கு இரண்டுமுறை படியுங்கள்.

முதலில் எஃப்.ஐ.ஆர். நகலும் தீர்ப்பின் சான்றிட்ட நகலும் வாங்குங்கள். வக்கீலின் ஞாபகத்தை நம்பி எழுத வேண்டாம். சிலருக்கு ஸ்டேஷனில் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான் போட்டிருப்பார்கள், எஃப்.ஐ.ஆரே இருக்காது, ஆனால் ஊரில் "கேஸ் இருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். சம்பவத் தேதியையும் பிறந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றைக்கு 18 நிரம்பவில்லை என்றால் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வரும், அந்த வழக்கால் தகுதிக்குறைவு வராது. 16 வயதைத் தாண்டியவரைக் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர் போலவே விசாரித்துத் தண்டித்திருந்தால் மட்டும் விலக்கு. தம்பிக்கு 19 என்கிறீர்கள், சரி, அந்த வழி இல்லை. அப்புறம் படிவத்தில் குற்ற எண், ஸ்டேஷன், பிரிவுகள், கோர்ட், தீர்ப்புத் தேதி, "அபராதம் செலுத்தப்பட்டது" என்று எழுதி நகலையும் இணையுங்கள். கதை எழுத வேண்டாம், எதிர்த்தரப்பைத் திட்டவும் வேண்டாம்.

கான்ஸ்டபிள் தேர்வுக்கும் படிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே கணக்கே வேறு. காவல் பணிக்கான விதிகளில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகத்தான் எடுத்துக்கொள்வார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2008-ல் அந்த விதியை ஏற்றது. அப்படியிருக்க ஃபைன் கட்டிய தம்பிக்கு அதில் இரண்டு வருடம் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

தனியார் கம்பெனிகள் கேட்கக் கூடாது என்று நம் நாட்டில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. பெரிய கம்பெனிகள் ஏஜென்சி வைத்து கோர்ட் பதிவுகளைத் தேடுகிறார்கள், அதனால் அங்கேயும் கேட்டால் இதே பதில்தான். கேட்காத இடத்தில் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

வரும்போது படிவத்தின் அந்தப் பக்கத்தையும் தீர்ப்பு நகலையும் எடுத்து வாருங்கள் அம்மா, தம்பியையும் கூட்டி வாருங்கள், கையெழுத்துப் போடப் போவது அவன்தான்.