எந்த வளாகம், எந்த வாசல்

"அண்ணா, துபாய் வந்து மூணு மாசம் ஆகுது. வந்தவாசியில அம்மா, அப்பா தனியா இருக்காங்க. அடுத்த வாரம் அப்பாவுக்கு வேலூர் சி.எம்.சி.யில அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன். இங்கிருந்து எப்படிப் பார்த்துக்கிறது? மாசம் எவ்வளவு அனுப்பணும்? இன்சூரன்ஸ் எது எடுக்கலாம்?"

தம்பி, பணமும் இன்சூரன்ஸும் உன் சம்பளத்தைப் பொறுத்தது, ரூமில் இருப்பவர்களே சொல்வார்கள். முதலில் அந்த அப்பாயின்ட்மென்ட் சீட்டை எடுத்து, எந்த வளாகம் என்று பார்.

வேலூர் ஆஸ்பத்திரி என்றால் நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்கு ஊருக்குள், ஐடா ஸ்கடர் சாலையில் இருப்பதுதான். ஆனால் 2022 முதல் கீழ்மின்னலில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம், ராணிப்பேட்டை வளாகமும் இயங்குகிறது. சில துறைகள் அங்கே போய்விட்டன. மனநலப் பிரிவு பாகாயத்தில். போன முறை பார்த்த இடம்தானே என்று அப்பா கிளம்பிவிடக் கூடாது.

வளாகம் தெரிந்தால்தான் வழியும் தெரியும். செய்யாறு, ஆற்காடு வழியாக வந்தால் ராணிப்பேட்டை வளாகம் வேலூருக்கு முன்னாடியே வந்துவிடும். பஸ்ஸில் தூங்கிவிட்டால் வேலூர் போய்த் திரும்பி வரணும். ஆரணி, கண்ணமங்கலம் வழியாக வந்தால் முதலில் வேலூர்தான், அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்கணும்.

அப்புறம், சீட்டில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கோ மருத்துவமனையின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கோ நீயே போன் போடு. துறையைச் சொல்லி, எந்த வளாகம், எந்தக் கட்டடம், எந்த வாசலில் இறங்கணும், முதலில் எந்தக் கவுன்டருக்குப் போகணும் என்று கேள். அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, சீட்டின் படத்தோடு அனுப்பு. நம் ஆட்கள் பலர் மேப் லிங்க்கை மட்டும் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. பெரிய வளாகத்தில் மேப் காட்டும் புள்ளி நடுக் கட்டடத்திலோ பின்வாசலிலோ விழும். முட்டி வலியோடு வருபவர் அரை கிலோமீட்டர் சுற்றணும்.

2009-இல் நான் மஸ்கட் வந்து நாலு மாசம். தெருப்பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, எந்த ரவுண்டானா பக்கம் என்று கேட்டுக் கேட்டுத்தான் ஊரைக் கற்றேன். இன்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் வழி சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு அப்பாவுக்குச் சென்னையில் ஸ்கேன் ஏற்பாடு செய்தபோது அந்தப் புத்தி எனக்கு இல்லை. சீட்டின் தலைப்பில் பெரிதாக இருந்தது அலுவலக முகவரி, ஸ்கேன் எடுக்கும் கிளையின் முகவரி அடியில் பொடி எழுத்தில். நான் மேலே இருந்ததைப் படித்துச் சொன்னேன். சர்க்கரைக்காரர், முந்தின இரவிலிருந்து பட்டினி. எட்டு மணிக்கே போய் வரிசையில் உட்கார்ந்தார். பத்தரைக்குத்தான் இடம் மாறி வந்தது தெரிந்தது. ஆட்டோ பிடித்துச் சரியான கிளைக்குப் போனால், அவர் நேரம் தாண்டிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை மூணு மணிக்குக் கோயம்பேட்டில் பிரித்தாராம். ராத்திரி போனில், "பரவாயில்லப்பா, நீ சாப்டியா?" என்றுதான் கேட்டார்.