முழு உதவித்தொகை கிடைத்தால் படிப்பு இலவசமா?

வணக்கம். வெளிநாட்டில் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணமும் தங்கும் செலவும் முழுக்க உதவித்தொகையில் போய்விடும். கையில் நல்ல வேலையும் இருக்கிறது. “செலவே இல்லாத படிப்பு, யோசிக்காதே” என்கிறார்கள். எனக்குக் கணக்கு இடிக்கிறது. சரியா?
- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கணக்கு இடிப்பது சரிதான். படிக்கப் போனால் கைவிடும் வருமானம்தான் இங்கே பெரிய செலவு. பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைநழுவும் அடுத்த சிறந்த வழியின் மதிப்பு அது. அடுத்த சிறந்த ஒன்று மட்டும்தான். வேலை, உள்ளூர்ப் படிப்பு, சொந்தத் தொழில் மூன்றையும் கூட்டக் கூடாது, மூன்றையும் ஒரே நேரத்தில் செய்திருக்க முடியாது.

வரி போக இப்போது ஆண்டுக்குக் கையில் வருவது 100 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு 110. இரண்டு ஆண்டில் 210 போகிறது. ஆனால் இந்த 210 முழுவதையும் இழப்பாக எழுதுவது பரவலான பிழை. வேலையில் இருந்தாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆண்டுக்கு 40 போயிருக்கும், அங்கே அதை உதவித்தொகை பார்த்துக்கொள்கிறது. ஆகவே உண்மையில் இழப்பது மிச்சமாகியிருக்கக்கூடிய 60, 70, ஆக 130. பயணம், விசா, காப்பீடு போல உதவித்தொகையில் அடங்காதவை 20 என்றால், மொத்தம் 150. விண்ணப்பத்துக்கும் தேர்வுக்கும் ஏற்கெனவே கட்டிய பணத்தை இதில் சேர்க்காதீர்கள். எந்த வழியில் போனாலும் அது திரும்பி வராது.

இனி 150 எப்போது மீளும்? படித்து முடித்தால் 180 கிடைக்கும் என்போம். அதை இன்றைய 100-உடன் ஒப்பிட்டு ஆண்டுக்கு 80 கூடுதல், இரண்டே ஆண்டில் மீண்டுவிடும் என்று பலர் சொல்வார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். நீங்கள் வேலையிலேயே இருந்திருந்தால் மூன்றாம் ஆண்டில் சம்பளம் 100-இல் நின்றிருக்காது, 121 ஆகியிருக்கும். வித்தியாசம் 59. அங்கேயே தங்கி வேலை பார்த்தால் வாழ்க்கைச் செலவு 60 ஆகும், அதாவது இங்கைவிட 20 கூடுதல். மிஞ்சுவது 39. இந்த வித்தியாசம் மாறாமல் இருந்தால் 150-ஐ மீட்க ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்.

சம்பளம் 180-க்குப் பதிலாக 150 என்றால்? ஊர் திரும்பினால் வித்தியாசம் 29, ஐந்து ஆண்டுக்கு மேல். அங்கேயே இருந்தால் 9 மட்டும், பதினாறு ஆண்டுக்கு மேல். பிந்தி வரும் பணத்தின் மதிப்பு குறைவு என்பதையும் சேர்த்தால் இன்னும் நீளும்.

முடிவைப் புரட்டிப்போடுவது அந்த ஒரு எண்தான். அதனால் துறையிடம் அண்மையில் படித்து முடித்தவர்களின் சம்பளத்தைக் கேளுங்கள், சராசரியை அல்ல, நடுவில் இருப்பவரின் சம்பளத்தை. ஓரிரு பெரிய சம்பளம் சராசரியை உயர்த்திவிடும். சேர்க்கையை ஓராண்டு தள்ளிப்போட்டால் உதவித்தொகை நிலைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நிலைக்கும் என்றால் நீங்கள் ஒப்பிட வேண்டிய அடுத்த சிறந்த வழி “போகாமல் இருப்பது” அல்ல, “ஓராண்டு கழித்துப் போவது”. அதற்கு மேலே சொன்ன கணக்கை மறுபடி போட வேண்டும்.