ஆர்டர் முதல் பணம் வரை: கோட்டைத் தாண்டும் அம்புகள்

"ஆர்டர் வந்ததிலிருந்து பணம் கைக்கு வரும்வரை வேலை துறைக்குத் துறை கைமாறுவதை ஸ்விம்லேன் வரைபடத்தில் எப்படிக் காட்டுவது?"

ஸ்விம்லேன் வரைபடத்தில் வேலையில் பங்கேற்கும் ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு கிடைமட்டப் பட்டை இருக்கும். இங்கே வாடிக்கையாளர், விற்பனை, கிடங்கு, கணக்கு என நான்கு பட்டைகள் போதும். ஒவ்வொரு வேலையையும் அதைச் செய்பவரின் பட்டையில், இடமிருந்து வலமாகக் கால வரிசையில் கட்டமிட்டு எழுதுங்கள்.

கட்டங்களைவிட, பட்டையின் கோட்டைத் தாண்டும் அம்புகள்தான் முக்கியம். ஒவ்வோர் அம்பின் மேலும் எந்தத் தாள் கைமாறுகிறது, எத்தனை நாள் காத்திருக்கிறது என்று குறியுங்கள். 'தகவல் போகும்' என்று பொதுவாக எழுதினால் கோளாறு மறைந்துவிடும்.

ஓர் ஆர்டரைப் பாருங்கள். 4ஆம் தேதி சரக்கைப் பெற்ற வாடிக்கையாளர் டெலிவரி சீட்டில் கையொப்பமிடுகிறார். சீட்டு ஓட்டுநரிடமிருந்து கிடங்கு மேசைக்கு வந்து, மற்றவற்றோடு கட்டாகச் சேர்ந்து, 10ஆம் தேதிதான் கணக்குத் துறையை அடைகிறது. பில் போட 10 நிமிடம். காத்திருந்ததோ 6 நாள். 30 நாள் தவணை பில் தேதியிலிருந்து எண்ணப்பட்டால், பணமும் 6 நாள் தள்ளிப்போகும்.

துறைத் தலைவர்கள் சொல்வதை மட்டும் வைத்து வரையாதீர்கள்; அவர்கள் சொல்வது பெரும்பாலும் நடக்க வேண்டிய முறை. அண்மையில் முடிந்த சில ஆர்டர்களின் தாள்களை எடுத்துத் தேதிகளை ஒப்பிடுங்கள். விலை பொருந்தாமல் பில் திரும்பி வந்திருந்தால், அந்தப் பின்னோக்கிய அம்பையும் விற்பனைப் பட்டைவரை இழுத்துக் காட்டுங்கள்.