வேலூர் வெயிலில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி நீடிக்க

கேள்வி: "எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. தினமும் 100% சார்ஜ் போடலாமா, இல்லை முழுசா தீர்ந்த பிறகுதான் போடணுமா? வெயிலில் நிறுத்தினா பேட்டரி போயிடுமா? எங்களுக்கு வேலூர் பக்கம்."

வேலூர் பக்கம் என்று போட்டதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். பெங்களூரில் இருந்துகொண்டு வீடியோ போடுகிறவர்கள் சொல்லும் கணக்கு நம் ஊருக்குச் சரிப்படாது. சுற்றிலும் பாறை மலை, கத்திரி நேரத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கும் தரையிலிருந்து அனல் அடிக்கிற ஊர் இது.

தினமும் 100 தேவையில்லை. தீர்ந்துபோக விடவும் வேண்டாம். 80 வரை ஏற்றி, 20, 30 வருவதற்குள் மறுபடி போட்டால் போதும். இதை எல்லோரும் சொல்வார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பேட்டரியை அதிகமாகத் தின்பது எது என்று கேட்டால், நிறைய சார்ஜோடு சூட்டில் சும்மா நிற்பது. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நீங்களும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் சொருகிவிட்டுக் காலையில்தான் பிடுங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். என் மச்சினனும் அப்படித்தான்.

நானும் அவனும் ஒரே மாதத்தில், ஒரே ஷோரூமில், ஒரே மாடல் வாங்கினோம். மூன்று யூனிட் பிடிக்கும் பேட்டரி. புதிதில் இருவருக்குமே 90 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. நான் காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்குத் தினமும் போய்வருகிறேன், நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். அவனுக்கு குடியாத்தத்தில் கடை, வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். மூன்று கோடை முடிந்து பார்த்தால் என் வண்டி இன்னும் 80ஐத் தாண்டுகிறது, அவனுடையது 70ஐத் தொடவே முக்குகிறது. "மாமா, நான் ஓட்டுறதே இல்லையே, எனக்கு எப்படிப் போகும்?" என்று பாவமாகக் கேட்டான். ஓட்டாததுதான் விஷயம் என்று சொன்னால் நம்பவில்லை.

அவன் தினமும் ராத்திரி 100 வைப்பான். காலையில் கடைக்குப் போனால் 97. மேற்குப் பார்த்த கடை, முன்னால் தகர ஷீட், அதன் கீழே சாயங்காலம் வரை வண்டி நிற்கும். திரும்பி வந்தால் 94, அதையும் பொறுக்காமல் மறுபடி 100. ஆக அந்த பேட்டரி வருஷம் முழுக்க நிறைந்தே இருந்தது, அதில் பாதி நேரம் வெந்துகொண்டும் இருந்தது.

லித்தியம் செல் நிறைந்திருக்கும்போது அதன் வோல்டேஜ் 4.2 வரை நிற்கும் (என்எம்சி வகையைச் சொல்கிறேன், பெரும்பாலான வேக வண்டிகளில் அதுதான்). அந்த நிலையில் உள்ளே இருக்கும் திரவம் செல்லின் தகடுகளோடு மெதுவாக வினைபுரிந்துகொண்டே இருக்கும். கிராஃபைட் பக்கத்தில் ஒரு படலம் தடிக்கும், அது தடிக்கத் தடிக்க லித்தியத்தை விழுங்கும். விழுங்கிய லித்தியம் திரும்பி வராது. இதற்கு வண்டி ஓட வேண்டும் என்பதே இல்லை, நின்றாலே நடக்கும். சூடு பத்து டிகிரி ஏறினால் இந்த வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது தோராயக் கணக்கு. அதே செல் 50, 60 சதவீதத்தில் நின்றால் வோல்டேஜும் குறைவு, சேதமும் நன்றாகக் குறைகிறது. என் வண்டி அவனுடையதைவிடப் பல மடங்கு ஓடியிருக்கிறது, ஆனால் நாளின் பெரும்பகுதி 30க்கும் 60க்கும் நடுவில்தான் நிற்கிறது.

"பிஎம்எஸ் பார்த்துக்கொள்ளும், நீ எதற்கு அலட்டுகிறாய்?" என்று கீழே வந்து யாராவது எழுதுவார்கள், தெரியும். பிஎம்எஸ் என்பது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் காவல் சர்க்யூட். அதன் வேலை 4.2ஐத் தாண்ட விடாமல் நிறுத்துவது, அடியில் எல்லைக்குக் கீழே போனால் வெட்டுவது, சூடு மீறினால் தடுப்பது. விபத்து நடக்காமல் காப்பாற்றும். நிறைந்த பேட்டரி தகர ஷீட்டுக்குக் கீழே கிழடாவதை அது தடுக்காது, தடுக்கவும் முடியாது. கம்பெனிக்காரர்களும் 100 போடலாம் என்றுதான் சொல்வார்கள். தவறில்லை, அவர்கள் வாரண்டி முடியும் வரைக்கும் யோசிக்கிறார்கள், நான் அதற்குப் பிறகும் அந்த வண்டியில்தான் போக வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். சாயங்காலம் வீடு வந்ததும் ஆப்பில் பார்த்தால் மே மாதத்தில் பேட்டரி 43, 44 டிகிரி காட்டும், சார்ஜ் 30 பக்கம் இருக்கும். அப்போது தொடுவதே இல்லை. பெரும்பாலான செல்களுக்குச் சார்ஜ் ஏற்றும் எல்லையே 45 டிகிரிதான், அந்த விளிம்பில் வைத்து ஏற்றினால் சார்ஜின் சூடும் அதன் மேல் சேரும். பேட்டரி கனமான பெட்டி, ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஆறாது, விடியற்காலையில்தான் 32க்கு வரும். அதனால் வீட்டில் ஆள் எழுந்துவிடுகிற நாலரை மணிக்குச் சார்ஜ் ஆரம்பிக்கிற மாதிரி டைமர் வைத்திருக்கிறேன். 700 வாட் சார்ஜர், 30லிருந்து 80 வர சுமார் ஒன்றரை யூனிட், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஏழு மணிக்கு முன்னாடியே முடிந்துவிடும், எட்டுக்குக் கிளம்பிவிடுவேன். நிறைந்து நிற்கும் நேரமே இல்லை. ஆப்பில் 80 என்று வரம்பு வைக்க வசதி இருந்தால் அதையே வையுங்கள், இல்லாவிட்டால் 16 ஆம்பியர் தாங்குகிற டைமர் வாங்குங்கள். மொபைலுக்கு விற்கிற சின்ன டைமரைச் சொருகிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

ராத்திரி முழுக்கப் போடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே ராத்திரி சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். வெளியே, கண்ணில் படுகிற இடத்தில், ஆள் விழித்திருக்கும்போது போடுவது என்று அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் 100 வரை விடுகிறேன். உள்ளே வரிசையாக இருக்கும் செல்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏறி இறங்கிப் போகும், பல பிஎம்எஸ்கள் உச்சிக்குப் பக்கத்தில் வரும்போதுதான் அவற்றைச் சமப்படுத்தும். அன்றைக்கு முடிந்த கையோடு வண்டியை எடுத்துவிடுவேன். உங்களுடையது எல்எஃப்பி என்கிற இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரியாக இருந்தால் இன்னும் அடிக்கடி முழுசாக ஏற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் அதில் நடுப்பகுதி முழுக்க வோல்டேஜ் ஒரே மாதிரி நிற்பதால் மீட்டருக்கே குழப்பம் வந்துவிடும். அதற்குக் கையேட்டில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள்.

பேட்டரி எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்க டிஸ்பிளேயில் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். நேற்று நீங்கள் எப்படி முறுக்கினீர்கள் என்பதை வைத்துத்தான் அது சொல்லும். பிளக்கில் சொருகுகிற யூனிட் மீட்டர் ஒன்று வாங்கி, வருஷத்துக்கு ஒருமுறை 20லிருந்து 100 வரை எத்தனை யூனிட் இழுக்கிறது என்று குறித்து வையுங்கள். புதிதில் எனக்கு 2.75 வந்தது. போன மாதம் 2.5, அதாவது ஒன்பது சதவீதம் போயிருக்கிறது. அதே மீட்டரை மச்சினன் வண்டியில் போட்டோம், 2.1. கிட்டத்தட்ட கால் பங்கு காலி. 20 என்று காட்டுவதே துல்லியம் இல்லைதான், ஆனாலும் இவ்வளவு வித்தியாசம் பொய் சொல்லாது.

அதை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனான். லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு "77 காட்டுது சார், 70க்குக் கீழே போனாத்தான் வாரண்டி" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த 77ஐ எழுதிக் கொடுங்கள் என்றால் கொடுக்க மாட்டார்களாம். விற்கும்போது டீ வாங்கிக் கொடுத்த பையனை அங்கே காணவே இல்லை. நீங்கள் எப்போது சர்வீஸுக்கு விட்டாலும் பேட்டரி ஹெல்த் எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள், சண்டை போட்டாவது.

முழுக்கத் தீர்வதைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் மாடியில் குடியிருந்த நர்ஸ் பெண் நாலு சதவீதத்தோடு வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய், இரண்டு மாதம் கழித்து வந்தாள். சார்ஜரைச் சொருகினால் விளக்கே எரியவில்லை. வண்டி ஆஃப் ஆனாலும் பிஎம்எஸ், ஜிபிஎஸ், சிம் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். செல் மிகவும் கீழே இறங்கிவிட்டால் உள்ளே தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும். அதற்கு மேல் சார்ஜ் ஏற்றினால் ஷார்ட் ஆகும் ஆபத்து, அதனால் பிஎம்எஸ் கதவை அடைத்துவிடும். அதைத் தெருவோர மெக்கானிக்கிடம் கொடுத்து நேரடியாக வோல்டேஜ் கொடுத்து எழுப்பச் சொல்லாதீர்கள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் 50, 60ல் நிழலில் விட்டுப் போங்கள், மாதம் ஒருமுறை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது எப்போதாவது 10க்கு இறங்கினால் குடி முழுகிப் போகாது, அன்றே போட்டுவிட்டால் சரி.

நிழல் என்றதும் வயிறு எரிகிறது. எங்கள் கம்பெனியில் கார்களுக்கு நல்ல உயரமான ஷெட், அதில் பாதி எப்போதும் காலி. டூவீலர் எல்லாம் சுவரோரம் மொட்டை வெயிலில். எத்தனையோ முறை எழுதிக் கொடுத்தாயிற்று. மேனேஜர் வண்டிக்கு என்ன பேட்டரியா வேகிறது? பெட்ரோல் கார். நான் வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வேப்பமரத்துக்குக் கீழே விடுகிறேன், காக்கா எச்சம் விழுந்தாலும் பரவாயில்லை என்று.

நீங்கள் என்ன வண்டி என்று சொல்லவில்லை. லைசென்ஸ் கேட்காத, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத சின்ன வண்டியாக இருந்து, சீட்டுக்குக் கீழே நாலைந்து கறுப்புப் பெட்டிகளைக் கம்பியால் இணைத்திருந்தால் அது லெட் ஆசிட். அதற்கு மேலே சொன்ன 80 கணக்கை அப்படியே திருப்பிப் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரிதான், ஓட்டி வந்து சூடு ஆறியதும் அன்றன்றைக்கே முழுசாக ஏற்றிவிட வேண்டும், அரைகுறையாக விட்டால் தகட்டில் சல்ஃபேட் படிந்து ஒன்றரை வருஷத்தில் கையை விரித்துவிடும். மாடல் பெயரைக் கமெண்டில் போடுங்கள், எது என்று பார்த்துச் சொல்கிறேன்.