டிசம்பரில் வாங்கிய பால் கறவை இயந்திரத்துக்கு முதல் ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு?

கேள்வி: பன்னிரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். நாளொன்றுக்கு நூறு லிட்டர் பால் ஊற்றுகிறேன். கறவை இயந்திரம் ஒன்றை 2024 டிசம்பர் 1 அன்று பொருத்தினேன். இயந்திரம் 3,70,000 ரூபாய், வண்டி வாடகை, குழாய், பொருத்துகூலி 30,000 ரூபாய். மார்ச்சில் கணக்கு முடிக்கும்போது முழு ஆண்டுத் தேய்மானம் எழுதுவதா? நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்கிறார்களே, எதைப் பின்பற்றுவது?

பதில்: இயந்திரத்தை ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆன பொருத்துகூலியும் வண்டி வாடகையும் அதன் அடக்கவிலையில் சேர வேண்டும் என்பதால், கணக்கில் தொடக்க மதிப்பு 4,00,000 ரூபாய். மானியம் பெற்றிருந்தால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நேர்கோட்டு முறையில், இயந்திரம் பத்து ஆண்டுகள் உழைக்கும், பிறகு 40,000 ரூபாய்க்கு விலைபோகும் என்று மதிப்பிட்டால், 3,60,000 ரூபாயைப் பத்தால் வகுத்து ஆண்டுக்கு 36,000, மாதத்துக்கு 3,000 ரூபாய் எழுத வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாதங்களே இயந்திரம் ஓடியதால், 2024-25 கணக்கில் 12,000 ரூபாய் மட்டுமே வரும். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் முழுமையாக 36,000 ரூபாய் வீதமும், 2034-35இல் நவம்பர் வரையிலான எட்டு மாதங்களுக்கு 24,000 ரூபாயும் எழுதும்போதுதான் மொத்தம் 3,60,000 ஆகும். பத்து ஆண்டு உழைப்பு பதினொரு நிதியாண்டுகளில் பரவுகிறது என்பதைப் பலர் மறந்துவிட்டு, கடைசி ஆண்டிலும் 36,000 எழுதுகிறார்கள். அப்போது புத்தகத்தில் எஞ்சும் மதிப்பு 28,000 ஆகிவிடும். அது 40,000இல் நிற்கவில்லை என்றால் பிழை அங்கேதான் இருக்கிறது.

குறைந்து செல் மதிப்பு முறையில் கடைசியில் விலைபோகும் 40,000 ரூபாயை முன்கூட்டியே கழிக்கக் கூடாது. 15 விழுக்காடு என்று வைத்தால், நான்கு இலட்சத்துக்கு முழு ஆண்டுத் தேய்மானம் 60,000, அதில் நான்கு மாதப் பங்கு 20,000. புத்தக மதிப்பு 3,80,000 ஆகிறது. 2025-26இல் இந்த 3,80,000இல்தான் 15 விழுக்காடு, அதாவது 57,000 ரூபாய் எழுத வேண்டும். மீண்டும் நான்கு இலட்சத்துக்குக் கணக்கிட்டு 60,000 எழுதுவதே இம்முறையில் நான் அடிக்கடி காணும் தவறு. 2026-27இல் தேய்மானம் 48,450 ரூபாய். மாத விகிதம் முதல் ஆண்டுக்கும் கடைசி ஆண்டுக்கும் மட்டுமே உரியது, இடைப்பட்ட ஆண்டுகளில் அதைத் தொடக் கூடாது. இந்த விகிதத்தில் 2034 நவம்பரில் ஏறத்தாழ 79,000 ரூபாய் புத்தகத்தில் இருக்கும். 40,000 வரை இறக்க வேண்டுமானால் 20 விழுக்காட்டுக்கும் சற்றுக் கூடுதலான விகிதம் தேவைப்படும்.

எது பொருத்தம் என்பது கணக்கை எதற்காக வைக்கிறீர்கள் என்பதைச் சார்ந்தது. ஒரு லிட்டர் பாலின் அடக்கச் செலவை அறிவதற்கு நேர்கோட்டு முறையையே நான் பரிந்துரைப்பேன். மாதம் 3,000 லிட்டருக்கு 3,000 ரூபாய் என்றால் லிட்டருக்கு ஒரு ரூபாய், ஆண்டுதோறும் அதே அளவில் நிற்கும். மற்ற முறையில் முதல் நான்கு மாதங்களில் லிட்டருக்கு 1.67 ரூபாய் விழுவதால், மாடுகளும் தீவனமும் மாறாமலிருக்க, இலாபம் மட்டும் ஆண்டுக்காண்டு ஏறுவதுபோலத் தோன்றும். ஆனால் இயந்திரத்தை மூன்று நான்கு ஆண்டுகளில் விற்கும் எண்ணம் இருந்தால், சந்தை மதிப்பு தொடக்கத்திலேயே வேகமாக விழுவதைக் குறைந்து செல் மதிப்பு முறையே நெருக்கமாகக் காட்டும். காம்புக் குவளையின் ரப்பர் லைனர்களை மாற்றும் செலவை இரண்டிலும் சேர்க்காமல், அந்தந்த ஆண்டின் பராமரிப்புச் செலவாகவே எழுதுங்கள்.

வருமான வரிக் கணக்கு இவற்றிலிருந்து வேறுபட்டது. பால் பண்ணை வருமானம் வேளாண் வருமானமாகக் கருதப்படாததால் இது உங்களுக்குப் பொருந்தும். அங்கு மாதங்களை எண்ணுவதில்லை, பயன்பாட்டுக்கு வந்த நாள் முதல் மார்ச் 31 வரை 180 நாள்களுக்குக் குறைவாக இருந்தால் பாதி விகிதம், இல்லையெனில் முழு விகிதம். உங்களுக்கு 121 நாள்களே ஆவதால், 15 விழுக்காட்டில் பாதியான 7.5 விழுக்காடு, அதாவது 30,000 ரூபாய் கிடைக்கும். அடுத்த ஆண்டு 3,70,000இல் 15 விழுக்காடான 55,500 ரூபாய். பில் தேதி அல்ல, ஓடத் தொடங்கிய தேதியே கணக்கு என்பதால், பொருத்திய நாளைக் காட்டும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விற்றுமுதலில் குறிப்பிட்ட விழுக்காட்டை இலாபமாகக் காட்டும் உத்தேச வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்தால் மட்டும், தேய்மானம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அதைத் தனியே கழிக்க இயலாது.