பால் சங்கத்துக்கு 20 நொடி ரேடியோ ஜிங்கிள் எழுதுவது எப்படி?

கேள்வி: எங்க ஊர் பால் கூட்டுறவு சங்கத்துக்கு எஃப்.எம்.ல போட 20 செகண்ட் ஜிங்கிள் வேணும். கேட்டதும் ஒட்டிக்கணும், சின்னப் பசங்களும் பாடணும். எப்படி எழுதுறது?

பதில்:

வரி எழுத உட்காரும் முன் தாளத்தை முடிவு செய்யுங்கள். நிமிடத்துக்கு 100 தட்டு என்று வைத்தால் ஒரு தட்டு 0.6 நொடி. நான்கு தட்டு சேர்ந்த ஒரு சுற்று 2.4 நொடி, எட்டுச் சுற்றுக்கு 19.2 நொடி. மிச்சமுள்ள 0.8 நொடியில் கடைசி ஓசை அடங்க வேண்டும். விளம்பர நேரம் 10 நொடிக் கணக்கில் விற்கப்படுவதால், 20ஐத் தாண்டினால் வாலை வெட்டுவார்கள் அல்லது 30 நொடிக்குப் பணம் கேட்பார்கள். பெரும்பாலும் அந்த வாலில்தான் சங்கத்தின் பெயர் இருக்கும்.

எட்டில் முதல் சுற்று இசைக்கு. பால் கேன் மூடியின் 'டங்' ஒன்றும் சைக்கிள் மணியும் போதும். அடுத்த நான்கு சுற்று பாட்டு, பிறகு இரண்டு சுற்று பேச்சு, கடைசிச் சுற்றில் பாட்டின் நான்காம் வரி மறுபடியும்.

பாட்டுக்கு ஒரே விதிதான்: ஒரு தட்டுக்கு ஒரு சொல்.

விடியும் முன்னே கறந்த பாலு
வாசல் தேடி வந்த பாலு
அளந்து பார்த்து வாங்கும் பாலு
நம்ம ஊரு சங்கப் பாலு!

கையைத் தட்டிக்கொண்டே படித்துப் பாருங்கள். எந்தச் சொல்லும் தட்டைத் தாண்டி வழியாது. மூன்றாம் வரியில் 'அளந்து' என்பதை எடுத்துவிட்டு 'தரத்தைப்' என்று போட்டால் உடனே இடறும். த, ரத், தைப் என்ற மூன்று அசையில் இரண்டு நீண்டு ஒலிப்பதால் அடுத்த சொல் தாமதமாக வரும். பாடுபவர் எப்படியோ சமாளித்துவிடுவார், குழந்தை சமாளிக்காது. 'பால்' என்று முடிக்காமல் 'பாலு' என்று முடித்ததற்கும் காரணம் இதுதான். ஒற்றில் முடிந்தால் வாய் மூடிக்கொள்ளும், உகரம் இருந்தால் அடுத்த வரிக்கு வழுக்கிக்கொண்டு போகும்.

இந்தத் தாளத்தில் 'உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கம்' நுழையவே நுழையாது. தலைவர் முழுப்பெயரையும் பாட்டில் கேட்பார், மறுத்துவிடுங்கள். அதற்குத்தான் பேச்சுப் பகுதி. அந்த 4.8 நொடியில் தெளிவாகச் சொல்ல முடிவது சுமார் 28 அசைதான். "காலையும் மாலையும் சங்கத்து பூத்தில்" என்று சொல்லி, ஊர்ப்பெயரோடு முழுப்பெயரைச் சேர்த்தாலே இடம் நிறைந்துவிடும். போன் நம்பருக்கு இடமில்லை. பத்து இலக்கத்தை வேகமாகச் சொன்னாலும் யாரும் குறித்துக்கொள்ளப் போவதில்லை.

மெட்டுக்கு மோகனத்தின் ச, ரி, க, ப நான்கு சுரம் போதும். முதல் இரண்டு வரிக்கும் ஒரே மெட்டு: கக கரி சரி கா. மூன்றாம் வரியில் ஏற்றுங்கள்: பப பக ரிக பா. நான்காவதில் இறக்கிச் சட்ஜத்தில் நிறுத்துங்கள்: கப கரி சரி சா. முதல் வரி அப்படியே இரண்டாவதாகத் திரும்புவதால், ஒருமுறை கேட்டதிலேயே காது மெட்டைப் பிடித்துக்கொள்ளும். இசையமைப்பவர் மேல் சட்ஜத்துக்குப் போய் ஒரு சங்கதி போட ஆசைப்படுவார். கச்சேரியில் போடட்டும்.

முதல் வரியில் ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் உறுப்பினர்களிடம் வாங்கிய பாலை உள்ளூரிலேயே அளந்து ஊற்றும் சங்கத்துக்கு அது உண்மை. பால் ஒன்றியத்துக்குப் போய், குளிரூட்டி, பாக்கெட்டாகத் திரும்பி வரும் பாலை விற்பவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. அவர்கள் 'நம்ம மாடு கறந்த பாலு' என்று தொடங்கலாம். வி, வா மோனை போய்விடும், பரவாயில்லை. 'வாசல் தேடி' என்பதும் வீட்டுக்கு வந்து ஊற்றினால் மட்டும்தான். பூத்தில் மட்டும் விற்றால் 'வாசல் பக்கம் வந்த பாலு' என்று மாற்றுங்கள். 'அளந்து பார்த்து' என்பதில் வம்பில்லை. லாக்டோமீட்டர் போட்டு, கொழுப்புச் சத்து பார்த்துத்தான் சங்கம் பாலை எடுக்கிறது, விலையும் அதை வைத்துத்தான். 'சுத்தமான பசும்பால்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எருமைப் பாலும் அதே கேனில் சேரும் ஊர்கள் நிறைய.

ஒலிப்பதிவில் அடிக்கடி கெடுவது குரல் அமுங்கிப் போவது. ஸ்டுடியோவின் பெரிய ஸ்பீக்கரில் மேளம் கம்பீரமாக இருக்கும், ஆட்டோ ரேடியோவில் அந்த அடிநாதம் வராது. மிஞ்சும் இசை குரலோடு மோதும். அதனால் மிக்ஸிங் முடிந்ததும் செல்போன் ஸ்பீக்கரில், ஓடுகிற மிக்ஸிக்கு நான்கடி தள்ளி வைத்துக் கேளுங்கள். பேச்சு வரும் இடத்தில் இசையின் சத்தத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கச் சொல்லுங்கள். பிறகு விஷயம் தெரியாத ஒருவருக்கு ஒரே ஒருமுறை போட்டுக் காட்டி, எந்தச் சங்கம் என்று கேளுங்கள். 'ஏதோ பால் விளம்பரம்' என்று பதில் வந்தால், மெட்டைத் தொட வேண்டாம், ஊர்ப்பெயரை நான்காம் வரிக்குள் கொண்டுவாருங்கள். 'நம்ம ஊரு' இருக்கும் இரண்டு தட்டில் மூன்று, நான்கு அசையுள்ள ஊர்ப்பெயர் தாராளமாக உட்காரும்.