குழந்தைப் படத்தில் இருப்பது அக்காவா தங்கையா? முகத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள்

கேள்வி: அம்மாவின் ஆல்பத்தில் கைக்குழந்தைப் படங்கள் நிறைய இருக்கின்றன. அது அக்காவா நானா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

இதுவரை சாடையை வைத்துத்தான் சண்டை போட்டிருப்பீர்கள். ஏழெட்டு மாதக் குழந்தையிடம் இன்றைய மூக்கையும் தாடையையும் தேடிப் பயனில்லை. மொட்டை போட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்துவிட்டால் பெற்றவளே தடுமாறுவாள். கவுனும் கொலுசும் மூத்தவளிடமிருந்து இளையவளுக்கு இறங்கியிருக்கும். மச்சம் இருக்கிறதே என்பீர்கள். பல மச்சங்கள் பிறந்த பிறகு வருபவை. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருந்தால் இடக்கன்னம் வலக்கன்னமாகிவிடும்.

படம் எடுத்த தேதியிலிருந்து குழந்தையின் வயதைக் கழித்தால் பிறந்த மாதம் ஏறத்தாழ வந்துவிடும். குழந்தையிடமிருந்து வயதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் உட்கார்ந்து, கீழ்ப்பல் இரண்டு எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து மாதம். தேதியைப் பின்னணியில் தேடுங்கள்.

ஓர் உதாரணம். அக்கா 1988 ஜூன், தங்கை 1994 ஜூன். சுவரில் தினசரி காலண்டர், ஜனவரி 15, ஞாயிறு; வருடம் மட்டும் தெரியவில்லை. இந்தச் சேர்க்கை 1989இலும் வரும், 1995இலும் வரும். அந்தந்த ஜனவரியில் இருவருக்கும் ஏழு மாதம்! தேதியும் கிழமையும் 5, 6 அல்லது 11 வருடத்தில் திரும்ப வருவதால், காலண்டர் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. இப்போது வாசலில் நிற்கும் ஸ்கூட்டரைப் பெரிதாக்கிப் பாருங்கள். பலகை TN என்று தொடங்கி அடுத்து இரண்டு இலக்கம் இருந்தால், அந்த முறை 1989 ஜூலைக்குப் பிறகு வந்தது. எனவே படம் 1995, குழந்தை தங்கை. பழைய மூன்றெழுத்துப் பலகையாக இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. பழைய வண்டி 1995இலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

'காலண்டரைக் கிழிக்க மறந்திருந்தால்?' என்று யாராவது கிளம்புவார்கள். ஒரு வாரம் தள்ளிப்போனால் குழந்தையின் வயதில் பெரிதாக மாறாது. போன வருடக் காலண்டர் மாட்டியே கிடந்தால்தான் ஆபத்து.

படத்தின் மூலையில் ஆரஞ்சு எண்ணில் தேதி இருந்தாலும் அப்படியே நம்பாதீர்கள். பேட்டரி மாற்றிவிட்டு தேதியைத் திருத்தாமல் எடுத்த படங்களில் வருடமே தப்பாக விழுந்திருக்கும். நெகட்டிவ் கிடைத்தால் அதே துண்டில் அடுத்தடுத்த எண்ணில் இருக்கும் படங்களைப் பாருங்கள். தேதி தெரிந்த கல்யாணமோ காதுகுத்தோ பக்கத்தில் இருந்தால் இதுவும் அந்தச் சமயத்தில் எடுத்ததுதான்.

பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையில் தேதி இருந்தால் பிரிண்ட் போட்ட நாள் அது. மறுபிரிண்டாக இருந்தால் வருடக்கணக்கில் பிந்தியிருக்கும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய பெயர் பல நேரம் பிற்பாடு யாரோ நினைவில் எழுதியது. இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும்: பழைய படங்களை 'பத்திரமாக இருக்கட்டும்' என்று அட்டையில் ஒட்டி லேமினேட் செய்துகொடுக்கும் கடைக்காரர்களே, பின்பக்கத்தை ஒருமுறை படமெடுத்துவிட்டாவது ஒட்டக் கூடாதா?